செக் திரும்பிய நாளிலிருந்து எண்ண வேண்டிய நாட்கள்

ஈரோட்டில் விசைத்தறித் துணி விற்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜவுளிக் கடைக்கு 2,40,000 ரூபாய்க்குச் சரக்கு அனுப்பியிருந்தார். கடைக்காரர் அதற்கு 2026 ஜனவரி 5 தேதியிட்டு ஒரு செக் கொடுத்தார். வியாபாரி ஜனவரி 20 அன்று அதைத் தன் வங்கியில் போட்டார். 22ஆம் தேதி, கணக்கில் போதிய பணம் இல்லை என்று எழுதிய மெமோவோடு செக் திரும்பி வந்தது.

இந்த நிலையில் பலர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். செக் திரும்பிய வழக்கைப் போலீஸ் பதிவு செய்து ஆளைக் கைது செய்ய முடியாது. பணம் கொடுக்க வேண்டியவர் முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு நடந்தார் என்பது வேறு குற்றம், அதற்கு வேறு ஆதாரம் வேண்டும். சாதாரணமாகத் திரும்பிய செக்குக்கு வழி, 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுதான். இந்தப் பிரிவு 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி செக் வாங்கியவரே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

செக் திரும்பிய அன்றே குற்றம் முழுமையாகிவிடுவதில்லை. சட்டம் கொடுத்தவருக்கு ஒரு கடைசி வாய்ப்புத் தருகிறது. எழுத்தில் கேட்டும் 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால்தான் அது வழக்காகும். ஆகவே செக் திரும்பியவர் முதலில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு.

முதல் கெடு 30 நாள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நம் வியாபாரிக்கு 22ஆம் தேதியே தகவல் கிடைத்தது. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் பிப்ரவரி 21 வரை நேரம் இருக்கிறது. "இதோ தருகிறேன் அண்ணே, இந்த வாரம் முடியட்டும்" என்ற பேச்சை நம்பி இந்த நாட்களைக் கழித்துவிடுபவர்கள் நிறையப் பேர். கெடுவைத் தவறவிட்டால் ஒரே ஆறுதல், செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை மீண்டும் வங்கியில் போடலாம் என்பது. அது மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் தொடங்கும். 2012இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. மூன்று மாதமும் முடிந்துவிட்டால் அந்த செக்கை வங்கி வாங்காது. அதன் பிறகு சிவில் வழக்குதான் வழி.

நோட்டீஸை வக்கீல்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. எழுதுபவருக்குக் கவனம் வேண்டும், அவ்வளவுதான். செக் எண், தேதி, வங்கி, எதற்காகக் கொடுக்கப்பட்டது, எப்போது என்ன காரணத்தால் திரும்பியது என்பதெல்லாம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், செக் தொகையை அப்படியே குறிப்பிட்டுத் தரும்படி கேட்பது. வட்டியோ செலவோ கேட்பதானால் தனி வரியில் தனித் தொகையாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டு, செக் தொகை எவ்வளவு என்பதே தெரியாமல் போன நோட்டீஸ்களால் வழக்குகள் தோற்றிருக்கின்றன.

இதைவிட ஆபத்தான ஒரு சிக்கலும் உண்டு. செக் கொடுத்த பிறகு கடைக்காரர் ஜனவரி 12 அன்று 40,000 ரூபாயை மொபைல் மூலம் அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை செக்கில் எழுதிக் குறிக்காமல், முழு 2,40,000க்கும் வங்கியில் போட்டால், அது திரும்பினாலும் 138ஆம் பிரிவு பொருந்தாது. செக்கைப் போட்ட நாளில் கடன் இரண்டு லட்சம்தான், செக் அதைவிட அதிகம். 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பகுதிப் பணம் வந்தால் அதை செக்கின் மீதே குறித்துக்கொள்ளலாம். அதைவிடப் பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதித் தொகைக்குப் புதிய செக் வாங்குவது பாதுகாப்பு.

நம் வியாபாரி பிப்ரவரி 10 அன்று, சரியான முகவரிக்கு, ஒப்புகையோடு தபாலில் நோட்டீஸ் அனுப்புகிறார். 13ஆம் தேதி கடைக்காரர் கையில் அது சேர்ந்தது. கடைக்காரர் வாங்க மறுத்திருந்தாலும், வேண்டுமென்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு தவிர்த்திருந்தாலும், அதனால் தப்ப முடியாது. சரியான முகவரிக்கு அனுப்பிய தபால் சேர்ந்ததாகவே சட்டம் கருதும். திரும்பி வந்த உறையை உடைக்காமல் பத்திரமாக வையுங்கள், அதுவும் சாட்சிதான்.

அடுத்தது 15 நாள். பிப்ரவரி 14 முதல் 28 வரை கடைக்காரருக்குரிய அவகாசம். அதற்குள் செக் தொகையைத் தந்துவிட்டால் வழக்கே இல்லை. தராவிட்டால் மார்ச் 1 அன்று வழக்குக்கான காரணம் பிறக்கிறது. அந்த நாளைக் கழித்து ஒரு மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 1க்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அவசரப்பட்டு 28ஆம் தேதியே தாக்கல் செய்தால் புகார் செல்லாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. தாமதமானால், தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க சட்டம் இடம் தருகிறது, ஆனால் அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

புகாரை எங்கே கொடுப்பது? செக்கைத் தன் கணக்கில் போட்டவருக்கு, அந்தக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றம்தான். வியாபாரியின் கணக்கு ஈரோட்டில், கடை மதுரையில் என்றாலும் வழக்கு ஈரோட்டில் நடக்கும். இது 2015 திருத்தத்துக்குப் பின் வந்த வசதி.

நீதிமன்றத்தில் செக் கொடுத்தவருக்குச் சுமை அதிகம். கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், அந்த செக் கடனுக்காகத் தரப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் அவர்தான் காட்ட வேண்டும். "வெறும் கையெழுத்துப் போட்ட செக், அவர்களாக நிரப்பிக்கொண்டார்கள்" என்ற ஒரு வார்த்தை போதாது. அதற்காகச் செக் கொடுத்தவர் கையாலாகாதவர் ஆகிவிடுவதில்லை. கொடுத்த கடனுக்குக் கணக்கே இல்லை, அவ்வளவு பணம் அவரிடம் இருந்ததே இல்லை என்று நம்பும்படி காட்டினாலே அந்த அனுமானம் ஆட்டம் காணும். அதனால்தான் நம் வியாபாரி விலைப்பட்டியலையும், லாரி ரசீதையும், கணக்குப் புத்தகத்தையும் தேடி எடுத்து வைக்க வேண்டும்.

குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகத் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை.

எந்தக் கட்டத்திலும் சமாதானம் ஆகலாம், இந்தக் குற்றத்துக்கு அதற்குச் சட்டமே இடம் தருகிறது. பாக்கியைப் பெற வந்த வியாபாரிக்கு, கடைக்காரர் சிறைக்குப் போவதால் பயனில்லை. ஆனால் சமாதானத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சமாதானத் தவணைக்காக வாங்கிய புது செக்கும் திரும்பினால், பழைய வழக்கையும் புதியதையும் ஒருசேர நடத்த முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது அந்தப் புது செக்குக்கான 30 நாளை முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.