எங்கள் சிறு நிறுவனத்திற்கு வந்த முதல் வெளி முதலீடு



விருதுநகரில் நாங்கள் நால்வர் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனத்திற்கு முதன்முறையாக வெளியார் முதலீடாக 60 லட்ச ரூபாய் வந்து சேர்ந்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம். நால்வரில் இருவர் மொத்த வியாபாரத்தில் தலை நரைத்தவர்கள். மற்ற இருவர் கம்ப்யூட்டர் படித்த இளைஞர்கள். சிறு மளிகைக் கடைகள் இரவு 9 மணிக்குள் செல்போனில் அனுப்பும் ஆர்டர்களை ஒன்றாகத் திரட்டி, மறுநாள் விடியற்காலையில் மண்டியில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஒரே வண்டியில் கடை வாசலில் இறக்குவதுதான் எங்கள் தொழில். ஐந்து கிலோ உளுந்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டு மண்டிக்கு வரும் சிரமம் கடைக்காரருக்கு இல்லை.

பணம் வரப்போகிறது என்ற செய்தி முன்பே வெளியில் கசிந்து, நண்பர்கள் பலர் விசாரித்தார்கள். அப்போது நாங்கள் வாய் திறக்கவில்லை. காரணம் உண்டு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி தனியாருக்குப் பங்கு ஒதுக்கும் கம்பெனி, அதைப் பற்றிப் பொதுவில் விளம்பரம் செய்யக்கூடாது. பணம் தனி வங்கிக் கணக்கில்தான் வரவேண்டும். வந்த 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாட்களுக்குள் கம்பெனிப் பதிவாளருக்கு PAS-3 என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அது தாக்கலாகும் வரை ஒரு ரூபாயைக்கூட எடுத்துச் செலவு செய்யக்கூடாது. எல்லாம் முடிந்த பிறகே இதை எழுதுகிறோம். ஆகவே யாரிடமும் பங்கு கேட்கும் விண்ணப்பம் அல்ல இது.

பலரும் கேட்ட முதல் கேள்வி, "வட்டி எவ்வளவு?" என்பதுதான். வட்டி இல்லை, தவணையும் இல்லை. இது கடன் அல்ல, பங்கு. வங்கிக் கடன் என்றால் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் திருப்பிக் கட்டியாக வேண்டும். அதற்குச் சொத்து ஈடு கேட்பார்கள். இங்கே ஈடு இல்லை. ஆனால் விற்றது நிரந்தரமாக விற்றதுதான். கடனை அடைத்தால் பத்திரம் திரும்பி வரும். கொடுத்த பங்கு அப்படித் திரும்பாது.

கணக்கை விவரமாகச் சொல்கிறோம். எங்கள் கம்பெனியில் 10,000 பங்குகள் இருந்தன, ஆளுக்கு 2,500. பணம் வருமுன் கம்பெனியின் மதிப்பு 2 கோடியே 40 லட்சம் என்று இரு தரப்பும் பேசி முடித்தோம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வாங்கினோம். அப்படியானால் ஒரு பங்கு 2,400 ரூபாய். 60 லட்சத்திற்கு 2,500 புதிய பங்குகள். மொத்தம் 12,500 ஆயிற்று. நால்வரும் நான்கில் ஒரு பங்குக்காரர்களாக இருந்தோம், இப்போது ஐந்தில் ஒரு பங்குக்காரர்கள். ஐந்தாவது பங்கு முதலீட்டாளர்களுடையது. முக மதிப்பு 10 ரூபாய் உள்ள பங்கை 2,400-க்கு விற்றால் கூடுதல் தொகையை வருமானமாகக் கருதி வரி போடும் விதி ஒன்று 2012-இல் வந்தது. நியாய மதிப்புக்கு மேல் போன தொகைக்கு அந்த வரி. 2024-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அதை நீக்கிவிட்டார்கள். நல்ல காரியம் செய்தார்கள்.

"மூன்று கோடிக்கு அதிபதியாகிவிட்டீர்களே" என்று ஒரு நண்பர் வாழ்த்தினார். அன்புக்கு நன்றி. ஆனால் அந்த மூன்று கோடி காகிதத்தில் உள்ளது. எங்கள் சட்டைப் பையில் ஒரு காசும் ஏறவில்லை. வந்த பணம் முழுவதும் கம்பெனியின் கணக்கில் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் விலையை விட அதிக நேரம் எடுத்தது வேறொரு ஷரத்து. முதலீட்டாளர்கள் சாதாரணப் பங்கு வாங்கவில்லை. பின்னாளில் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். கம்பெனியை விற்க நேர்ந்தால் அவர்கள் போட்ட 60 லட்சத்தை முதலில் எடுத்துக் கொள்வார்கள். ஒரு கோடிக்கு விலை போனால் ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அவர்களுக்கு 20 லட்சம்தான் வரவேண்டும். ஆனால் 60 லட்சம் அவர்களுக்குப் போகும், மீதி 40 லட்சத்தை நாங்கள் நால்வரும் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொள்ள வேண்டும். ஐந்து கோடிக்குப் போனால் அவர்கள் சாதாரணப் பங்காக மாற்றிக்கொண்டு ஒரு கோடி பெறுவார்கள், எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கோடி. முன்பின் தெரியாத தொழிலில் பணம் போடுகிறவர் இந்த அளவு பாதுகாப்புக் கேட்பது நியாயம் என்றே எங்களுக்குப் பட்டது.

முதல் நகலில் இன்னொரு வரி இருந்தது. 60 லட்சத்தை எடுத்துக்கொண்ட பிறகு, மீதியிலும் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும் என்பது. ஒரு கோடி விற்பனையில் அது அவர்களுக்கு 68 லட்சமாகிவிடும். இளைஞர்கள் இருவரும் இதை எழுதிக் காட்டி, எடுத்துவிடுமாறு கேட்டார்கள். முதலீட்டாளர்கள் முகம் சுளிக்காமல் எடுத்துவிட்டார்கள். அதற்காக அவர்களுக்கு எங்கள் தனி நன்றி. வழக்கறிஞர் அனுப்பும் நகலில் எல்லோரும் விலை எழுதிய பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறோம். இந்த வரி அந்தப் பக்கத்தில் இருக்காது.

பணம் தருமுன் எங்களைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஜி.எஸ்.டி. கணக்கும் பேரேடும் மாதவாரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். மென்பொருளை எழுதியவர் எங்கள் இளைஞர்தான் என்றாலும், அதன் உரிமை அவரிடமிருந்து கம்பெனிக்கு எழுத்து மூலம் மாற்றப்பட வேண்டும் என்றார்கள். கம்பெனி பதிவாகும் முன்பே அவர் பாதி எழுதி முடித்திருந்தார். அவர் நாளைக்கு விலகினால் கம்பெனியிடம் வண்டியும் தராசும்தான் மிஞ்சும் அல்லவா? எங்களிடம் சொல்லாமலே சில கடைக்காரர்களுக்குப் போன் செய்தும் விசாரித்திருக்கிறார்கள். மொத்த விற்பனைத் தொகையைப் பெரிதாக அவர்கள் மதிக்கவில்லை. ஒரு மாதத்தில் புதிதாகச் சேர்ந்த கடைகளில் மூன்றாம் மாதமும் ஆர்டர் அனுப்புவது எத்தனை என்று கேட்டார்கள். ஒரு மாதத்தில் சேர்ந்த 40 கடைகளில் 27 கடைகள் நிலைத்திருந்தன. அந்த 27 கடைக்காரர்களால்தான் இந்தப் பணம் வந்தது என்று சொன்னால் மிகையல்ல. அவர்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இனி செலவுக் கணக்கு. சம்பளம், வண்டி, குடோன் வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 4,80,000 ஆகிறது. சரக்கில் கிடைக்கும் லாபம் 1,60,000. ஆக, மாதம் 3,20,000 துண்டு விழுகிறது. 10 லட்சத்தைத் தொடாமல் ஒதுக்கிவிட்டோம். மீதி 50 லட்சம் சுமார் 15 மாதம் தாங்கும். அதற்குள் லாபம் செலவை எட்டிப் பிடிக்க வேண்டும், அல்லது எட்டிப் பிடிக்கும் என்று கணக்கில் தெரிய வேண்டும். இப்போதுள்ள ஒரு வண்டி பாதிச் சுமையோடுதான் ஓடுகிறது. அதே வண்டி, அதே டிரைவர் சம்பளத்தில் இன்னொரு பாதிச் சுமை ஏறினால் துண்டு வெகுவாகக் குறையும். ஆகவே புது ஊருக்குப் போகாமல், இருக்கும் தெருக்களிலேயே கடைகளைக் கூட்டப் போகிறோம்.

"கை நிறையப் பணம் இருக்கிறதே, இனி 30 நாள் கடன் கொடுக்கலாமே" என்று சில கடைக்காரர்கள் உரிமையோடு கேட்கிறார்கள். வருத்தப்பட வேண்டாம், முடியாது. தினம் 80,000 ரூபாய்க்குச் சரக்குப் போகிறது. 30 நாள் கடன் என்றால் 24 லட்சம் கடைகளின் பற்று நோட்டில் போய் உட்கார்ந்துவிடும். அந்தப் பணத்தில் சம்பளம் போட முடியாது, வண்டிக்கு டீசல் அடிக்க முடியாது. பழைய வழக்கப்படி ஏழு நாள் வாய்தாதான். சேர்ந்து ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு மட்டும் பத்து நாள்.

முதலீட்டாளர்களுக்கு ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் கணக்கு அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறோம். முதல் மாதக் கணக்கைத் தயார் செய்து கொண்டிருக்கிறோம். புதிதாகச் சேர்ந்தவை 19 கடைகள், நின்றுபோனவை 4. அந்த நான்கு கடைகளுக்கும் இந்த வாரம் நேரில் போகிறோம்.