படம் முடிந்தது, விற்பது யார்?

கான் திரைப்பட விழா என்றால் சிவப்புக் கம்பளம்தான் நினைவுக்கு வரும். அதே நாள்களில், 1959 முதல் ஒரு சந்தையும் நடந்து வருகிறது. வரிசையாகச் சிறு கடைகள்; மேசைக்கு இருபுறமும் அமர்ந்து அரைமணி நேரத்துக்கு ஒருவரோடு பேசுகிறார்கள். அங்கே கைமாறுவது படத்தின் உரிமைகள். பெர்லினில் பிப்ரவரியிலும் கோவாவில் நவம்பரிலும் இப்படிப்பட்ட சந்தைகள் கூடுகின்றன.

பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் படமெடுத்த ஒருவர் அங்கே தேட வேண்டியது யாரை? நேராக விநியோகஸ்தரைத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விநியோகஸ்தர் ஒரு நாட்டுக்கான ஆள். பிரான்ஸுக்கு ஒருவர், ஜப்பானுக்கு வேறொருவர். இவர்கள் எல்லோரையும் தெரிந்து வைத்திருந்து, நாடு நாடாகப் படத்தை விற்றுத் தருபவர்தான் சேல்ஸ் ஏஜென்ட்.

ரித்தேஷ் பத்ராவின் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ 2013 மே மாதம் கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் வெளிநாட்டு விற்பனையைக் கவனித்தது ஜெர்மனியின் ‘தி மேட்ச் ஃபாக்டரி’. வட அமெரிக்க உரிமையை ‘சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ்’ வாங்கியது. இந்தியாவில் வெளியிட்டவர்கள் வேறு. ஒரே படம், ஊருக்கு ஒரு வியாபாரி. இர்பான் கான் மேலைநாட்டு ரசிகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த முகம் என்பதும் அந்த விற்பனைக்குக் கைகொடுத்தது. அப்படியொரு முகம் இல்லாத படத்துக்கு விழாத் தேர்வுதான் முகவரி.

அதனால்தான் முதல் திரையிடலை அவசரப்பட்டு ஏதோ ஒரு சிறு விழாவுக்குக் கொடுத்துவிடக் கூடாது. பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் தங்களிடமே படம் முதலில் காட்டப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. அந்த வாய்ப்பு போன படத்தில் ஏஜென்ட்டுகளுக்கும் ஆர்வம் குறைந்துவிடும்.

அவர்களைச் சந்திக்க ஏற்ற நேரமும் சந்தை நாள்கள் அல்ல. அப்போது அவர்கள் ஏற்கெனவே கையிலிருக்கும் படங்களை விற்பதில் மூழ்கியிருப்பார்கள். விழாத் தேர்வுக் கடிதம் வந்தவுடனே, சில வாரங்கள் முன்னதாகவே எழுதிவிட வேண்டும். உங்கள் படத்தைப் போன்ற நாலைந்து படங்களை யார் விற்றார்கள் என்று முதலில் பாருங்கள். அந்த நிறுவனத்தில் படம் விற்பவருக்கு எழுதிப் பயனில்லை. புதிய படங்களைத் தேர்ந்தெடுப்பவருக்கு எழுதுங்கள். சுருக்கமான கடிதம், கடவுச்சொல்லோடு படத்தின் இணைப்பு, இது போதும். எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதைச் சில தளங்கள் காட்டும். பத்து நிமிடத்தில் நின்றிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒருவர் சரி என்று சொன்ன பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். நம்மவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான். ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். உங்கள் படம் மூன்று நாடுகளில் மொத்தம் 60,000 யூரோவுக்கு விற்கிறது. ஏஜென்ட் கமிஷன் 25 சதவீதம் என்றால் 15,000 போய்விடும். பிறகு சுவரொட்டி, விளம்பரம், சந்தைக் கடை, பயணம் என்று அவர் செய்த செலவைக் கழிப்பார். அதற்கு 25,000 என்று உச்சவரம்பு எழுதியிருந்தால் உங்கள் கைக்கு 20,000 வரும். வரம்பே எழுதாமல் விட்டு, செலவு 45,000 என்று கணக்கு வந்தால், படம் மூன்று நாடுகளில் ஓடியும் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. எம்.ஜி. என்று முன்பணம் கொடுத்திருந்தால் அதையும் உங்கள் பங்கில்தான் கழித்துக்கொள்வார். பல கலைப்படங்களுக்கு எம்.ஜி. கிடைப்பதே இல்லை. ஆகவே எம்.ஜி. எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பு செலவு வரம்பைக் கேட்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

தமிழ்ப் படத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளின் திரையரங்குகளை நம் ஓவர்சீஸ் விநியோகஸ்தர்கள் ஐரோப்பிய ஏஜென்ட்டைவிட நன்றாக அறிவார்கள். ‘இந்தியா நீங்கலாக உலகம் முழுவதும்’ என்று கையெழுத்திட்டால் அந்த நாடுகளும் சேர்ந்தே போய்விடும். ஓ.டி.டி. நிறுவனம் பிறகு வந்து உலக உரிமையை மொத்தமாகக் கேட்டால், ஏஜென்ட் பிரித்து விற்றுவிட்ட நாடுகளை உங்களால் தர முடியாது. எந்த நாடு, எந்த வகை உரிமை, எத்தனை ஆண்டுகள் என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் விற்காத நாடுகளின் உரிமை உங்களிடமே திரும்ப வர ஒரு வரியும், ஆண்டுதோறும் கணக்கைச் சரிபார்க்க ஒரு வரியும் இருக்கட்டும்.

ஒப்பந்தம் எவ்வளவு நட்பாக நீட்டப்பட்டாலும், இந்த வரிகளைத் திரைத்துறை ஒப்பந்தங்கள் தெரிந்த ஒரு வழக்கறிஞர் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.