நேரம் தவறாத பதிவு, இருப்பு அறியாத பதிவு

2013 ஜனவரியில் பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனம் பெரிய சங்கடத்தில் இருந்தது. அது விற்ற ஒரு வகை பர்கரில் 29 சதவீதம் குதிரை இறைச்சி இருந்ததை அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டுபிடித்திருந்தது. அந்தப் பரபரப்புக்கு நடுவில் ஓர் இரவு, டெஸ்கோவின் ட்விட்டர் கணக்கு எதுவுமே நடக்காததுபோல் வாடிக்கையாளர்களிடம் விடைபெற்றது. 'தூங்கப் போகிறோம்' என்பதற்கு ஆங்கிலத்தில் வைக்கோலில் சாயப்போவதாகச் சொல்லும் பேச்சுவழக்கு ஒன்று உண்டு. பதிவில் இருந்தது அதுதான். குதிரைக்கறி விவகாரத்தில் சிக்கிய கடை வைக்கோலைப் பற்றிப் பேசினால் ஊர் சும்மா இருக்குமா? நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. விவகாரம் தெரியவரும் முன்பே நேரம் குறித்து வைத்த பதிவு அது என்று விளக்கமும் சொன்னது.

தென்மாவட்டச் சிறுநகர் ஒன்றின் வணிகர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கதையோடுதான் பேச்சைத் தொடங்கினார், உள்ளூர்க் கடைகள் சிலவற்றின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் ஓர் இளைஞர். முன்வரிசையில் இருந்த மளிகைக்கடைக்காரர் பாதியிலேயே மடக்கினார்: "ஏ தம்பி, ஒரு தடவை போட்டு வச்சிட்டா வருஷம் பூரா அதுவா ஓடுமா, ஓடாதா? அதச் சொல்லு."

"ஓடும் அண்ணாச்சி. ஆனா நீங்க கடையைத் தொறந்திருக்கீங்களா, சரக்கு இருக்கா, அதெல்லாம் பாக்காது."

மொத்தப் பேச்சின் சாரமும் இந்தப் பதிலில் இருக்கிறது. பதிவைத் தானாக வெளியிடும் கருவிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் மெட்டா நிறுவனமே 'மெட்டா பிசினஸ் சூட்' என்ற கருவியை இலவசமாகத் தருகிறது. கடைக்கென ஒரு ஃபேஸ்புக் பக்கமும், தொழில்முறைக் கணக்காக மாற்றப்பட்ட இன்ஸ்டாகிராமும் இருந்தால் போதும். படத்தை ஏற்றி, வாசகத்தை எழுதி, தேதியும் மணியும் குறித்துவிட்டால், கடைக்காரர் கல்லாவில் இருந்தாலும் கல்யாண வீட்டில் இருந்தாலும் சொன்ன நேரத்துக்குப் பதிவு போய்விடும். கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்கூட்டியே இப்படி அடுக்கி வைக்கலாம். இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே நேரம் குறித்தால் 75 நாள் வரை தள்ளி வைக்க முடியும்.

ஆடித் தள்ளுபடி நடத்தும் ஒரு ஜவுளிக்கடையை வைத்து அவர் இதை விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு முதலாளியின் மகன் உட்கார்ந்து படங்களை ஏற்றுகிறார். சின்னாளப்பட்டி சுங்குடியைச் சாயம் போகாமல் முதல் தடவை எப்படித் துவைப்பது, எந்த ரகம் எந்த மாடியில் கிடைக்கும், தள்ளுபடி என்று முடிகிறது போன்ற பதிவுகளை ஒரு மாதத்துக்கு முன்பே குறித்து வைத்தாலும் கெட்டுப்போகாது. சிக்கல் வருவது நான்காவது வகைப் பதிவில். 'மெரூன் சுங்குடி, 20 சதவீதம் தள்ளுபடி' என்று ஒரு பதிவை ஆடிப்பெருக்கு அன்று மாலை 7 மணிக்குக் குறித்திருக்கிறார். அந்த மெரூன் சேலையின் கடைசி உருப்படி இரண்டு நாள் முன்பே விற்றுவிட்டது. மகனுக்குத் தெரியாது, தளத்தில் நின்று விற்கும் பெண்ணுக்குத் தெரியும், ஆனால் அவருக்குப் பதிவைப் பற்றித் தெரியாது. பதிவு தன் கடமையைச் செய்கிறது. மறுநாள் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா, போனில் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டு கல்லா முன் நிற்கிறார்.

சண்டையோடு முடிந்தால் பரவாயில்லை. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள், குறைந்த விலையைக் காட்டி ஆளை வரவழைக்கும் விளம்பரங்களைத் தனியாகவே குறிப்பிடுகின்றன. சொன்ன விலைக்கு விற்கப் போதுமான சரக்கு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். செய்தித்தாள் விளம்பரத்துக்கு மட்டுமான விதி அல்ல இது. 'இருப்பு உள்ளவரை' என்ற இரண்டு சொற்களையும் எத்தனை உருப்படி என்பதையும் சேர்ப்பது இதற்காகத்தான்.

அவர் சொன்ன தீர்வு கருவியில் இல்லை, ஆளில் இருக்கிறது. தினமும் கடை திறந்ததும் பிசினஸ் சூட்டில் உள்ள 'பிளானர்' நாள்காட்டியைத் திறந்து, இன்றும் நாளையும் போகவிருக்கும் பதிவுகளைப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர் படம் எடுத்தவராக இருக்கக் கூடாது. இருப்பு தெரிந்தவராக இருக்க வேண்டும். சரக்கு தீர்ந்ததை நீக்கவோ திருத்தவோ இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஊரில் துக்கம், கடையடைப்பு என்றால் அன்றைய பதிவுகளைத் தள்ளி வைப்பதும் அதே ஆளின் பொறுப்பு. ஷட்டர் இறங்கிய கடை 'வாங்க, வாங்க' என்று அழைத்துக்கொண்டிருப்பது நன்றாகவா இருக்கும்?

நகைக்கடைக்காரர் ஒருவர் தங்க விலையைக் கேட்டார். முதல் நாள் இரவே குறித்து வைக்கவே கூடாத பதிவு அது. காலையில் அறிவித்த விலை பிற்பகலில் மாறும் நாட்களும் உண்டு. போர்டில் எழுதிய கையோடு பதிவையும் போட வேண்டும், அதில் தேதியோடு மணியும் இருக்க வேண்டும்.

சினிமாப் பாட்டோடு ரீல்ஸ் போட ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு தடை இருக்கிறது. தனிநபர் கணக்கில் கிடைக்கும் பாட்டுகள் பல, வணிகக் கணக்கில் கிடைப்பதில்லை. உரிமம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும். ஊர்க்காரர்கள் கூடும் ஃபேஸ்புக் குழுக்களுக்கு வெளிக் கருவிகள் மூலம் தானாகப் பதிவிடும் வசதியையும் மெட்டா 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. அங்கே இன்னமும் கையால்தான் போட வேண்டும். ஒருவகையில் நல்லதே, குழுவில் ஆள் பேசினால்தான் பதில் வருகிறது.

கூட்டத்தில் அதிகக் கேள்விகள் வந்தது வாட்ஸ்அப் பற்றி. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் முதல் தடவை எழுதுகிறவருக்கு வரவேற்புச் செய்தி, கடை மூடிய நேரத்துக்கு ஒரு பதில், அடிக்கடி வரும் கேள்விகளுக்குச் சாய்கோட்டைத் தட்டினால் வந்துவிழும் தயார் பதில் எல்லாம் உண்டு. இரவு 11 மணிக்கு ஒருவர் விலை கேட்டால் 'காலை 9:30க்குப் பதில் சொல்கிறோம்' என்று போய்விடும். ஆனால் காலையில் யாரும் சொல்லவில்லை என்றால், அந்தத் தானியங்கிப் பதிலே கடைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும்.

பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் 'பிராட்காஸ்ட்' பட்டியலில் கடைக்காரர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கடையின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைப் பார்த்தால் எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கான எண்களைச் சேர்த்துவிட்டு, சிலருக்கு மட்டும் போய்ச் சேர்வதன் காரணம் இதுதான். பில் போடும்போதே 'நம்ம நம்பரைச் சேவ் பண்ணிக்கங்க' என்று கேட்பதைவிடப் பெரிய உத்தி எதுவும் இல்லை.

"ஒரே அமுக்குல பத்தாயிரம் பேருக்கு அனுப்பித் தாரேன்னு ஒருத்தன் வந்தானே?" என்றார் பாத்திரக்கடைக்காரர். அதிகாரபூர்வ வழியில் விளம்பர வாசகத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், பெறுகிறவரின் சம்மதம் வேண்டும், அனுப்பும் செய்திகளுக்கு மெட்டாவுக்குக் கட்டணமும் உண்டு. இது எதுவும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது கொல்லைப்புற வழி. வாட்ஸ்அப் அதைக் கண்டுபிடித்தால் எண்ணையே முடக்கிவிடும். கடைப் பையிலும் பெயர்ப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்திருப்பது அந்த ஒரே எண்தான் என்பதைப் பாத்திரக்கடைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.