பம்ப் சொன்ன நூறும் கோப்பையில் விழுந்த எண்பத்தெட்டும்

எங்கள் மொட்டைமாடியில் கத்தரியும் மிளகாயும் தண்ணீர் குடிப்பது ஒரு பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளியிலிருந்து. தினமும் காலையில் வாளி நிரம்பும்போது கடல்பாசி திரவ உரமும் கூடவே விழட்டும் என்று ஒரு சின்ன பெரிஸ்டால்டிக் பம்ப் வாங்கி மாட்டினேன். உரப் பாட்டிலில் லிட்டருக்கு 2 மில்லி என்று போட்டிருந்தது. ஆக வாளிக்கு 40 மில்லி. பம்பின் மேல் நிமிடத்துக்கு 100 மில்லி என்று ஒட்டியிருந்தது. அப்படியானால் 24 நொடி ஓடினால் போதும். டைமரில் 24 வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால், 400 மில்லி போயிருக்க வேண்டிய பாட்டிலில் 350 மில்லிகூடக் குறையவில்லை.

பம்ப் பொய் சொல்லவில்லை. அதற்கு அளக்கவே தெரியாது. உள்ளே ஒரு சிலிகான் டியூப் அரைவட்டமாக வளைந்து கிடக்கும்; அதன்மேல் இரண்டு மூன்று உருளைகள் அழுத்திக்கொண்டே சுற்றும். நம் உணவுக்குழாய் கவளத்தைப் பிதுக்கிக் கீழே தள்ளுவதுபோலத்தான். டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுற்றவிடுவதும் இதே வகைப் பம்ப். உருளை நசுக்கிவிட்டுப் போன இடத்தில் டியூப் மறுபடி உப்புகிறது. அப்படி உப்பும்போதுதான் பாட்டிலிலிருந்து அடுத்த மடக்கை இழுக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு எவ்வளவு வரும் என்பதை டியூபின் உள்விட்டமும், அது எவ்வளவு வேகமாக உப்புகிறது என்பதும் தீர்மானிக்கின்றன. தண்ணீரைவிடக் கெட்டியான திரவம் மெதுவாகத்தான் ஏறும். ஒட்டியிருந்த 100 பெரும்பாலும் புது டியூபில், வெறும் தண்ணீரில், சரியான வோல்டேஜில் கிடைத்த எண்ணாக இருக்கும். என் பம்பில் ஓடுவது கெட்டி உரம்.

அதனால் கேலிபரேஷனில் முதல் விதி, ஓடப்போகும் அதே உரத்தை வைத்து, பம்ப் மாட்டியிருக்கும் அதே இடத்தில் அளப்பது. பாட்டில் தரையில், பம்ப் சுவரில், டியூபின் முனை வாளி விளிம்பில் என்றால், அளக்கும் கோப்பையும் அந்த விளிம்பு உயரத்தில்தான் இருக்கவேண்டும். மேசைமேல் வைத்து அளந்துவிட்டு மாடியில் மாட்டினால் எண் மாறிவிடும். டியூப் புதிதாக இருந்தால் முதலில் சில மணி நேரம் தண்ணீரில் ஓடவிட்டுப் பழக்குங்கள். உருளைகள் மிதித்து மிதித்து ரப்பர் சற்றுத் தளர்ந்த பிறகே அளவு நிலைக்கு வரும். அப்புறம் உரத்தை இழுக்கவிட்டு, குமிழி எல்லாம் வெளியேறி, முனைவரை திரவம் நிரம்பியதும் நிறுத்தவேண்டும்.

நான் அளந்தது சமையலறைத் தராசில். எடையும் மில்லியும் தண்ணீருக்குத்தான் ஒன்று என்பதை இங்கே மறக்கக்கூடாது. மருந்துக்கடை சிரிஞ்சால் 100 மில்லி உரம் எடுத்து நிறுத்தபோது 108 கிராம் காட்டியது. ஆகவே தராசு காட்டும் கிராமை 1.08-ஆல் வகுத்தால் மில்லி. இதை விட்டுவிட்டால் தொடக்கத்திலேயே எட்டு சதவீதம் தவறு.

மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 60 நொடி ஓடவிட்டேன். மூன்றும் சேர்ந்து 263 மில்லி. ஒரு முறைக்கு ஏறக்குறைய 87.7. பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நொடிக்கு 1.46 மில்லி, 40 மில்லிக்கு 27.4 நொடி, வேலை முடிந்தது. வாளி அளவுக்கு இது போதும்தான். ஆனால் நாற்றுத் தட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மில்லி மட்டும் விடவேண்டி வந்தபோது இந்தக் கணக்கு காலை வாரியது. காரணம், மோட்டார் எடுத்த எடுப்பில் முழு வேகத்துக்கு வராது. போதாததற்கு முனையில் தொங்கும் கடைசிச் சொட்டு சிலசமயம் விழும், சிலசமயம் அங்கேயே நின்றுவிடும். நீண்ட ஓட்டத்தில் இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நொடி ஓட்டத்தில் அதுவே பெரிய பங்கு.

அந்தத் தொடக்க நஷ்டத்தைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பத்து நொடி ஓட்டி நிறுத்துவது, மறுபடி பத்து நொடி ஓட்டி நிறுத்துவது என்று பத்து முறை செய்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் பிடித்தேன். மொத்தம் 141 மில்லி. ஒரு முறைக்கு 14.1. இப்போது 60 நொடி அளவிலிருந்து 10 நொடி அளவைக் கழித்தால், இடைப்பட்ட 50 நொடியில் வந்தது 73.6 மில்லி. ஓடும்போதைய உண்மையான வேகம் நொடிக்கு 1.47. அந்த வேகத்தில் பத்து நொடியில் 14.7 வந்திருக்கவேண்டும், வந்தது 14.1. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் 0.6 மில்லி காணாமல் போகிறது. இனி டைமரில் வைக்கவேண்டிய நேரம் இதுதான்:

நொடி = (வேண்டிய மில்லி + 0.6) ÷ 1.47

வாளிக்கு 27.6 நொடி. முந்தைய கணக்கைவிட 0.2 நொடிதான் கூடுதல். ஆனால் நாற்றுக்கான 2 மில்லிக்கு 1.77 நொடி வருகிறது. பழைய கணக்குப்படி 1.37 நொடி ஓட்டியிருந்தால் 1.4 மில்லிதான் விழுந்திருக்கும், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பம்ப் சீராக ஒழுக்குவதில்லை, உருளைக்கு ஒரு மடக்காகத் துப்புகிறது. 2 மில்லியில் ஒரு மடக்கு முன்னே பின்னே போனாலே கணக்கு ஆடும். அவ்வளவு சிறிய அளவுக்கு உரத்தைப் பத்து மடங்கு நீர்த்து 20 மில்லியாக விடுவதே மேல். நீர்த்த உரம் இளகிவிடுவதால் அதற்குத் தனியாக அளக்கவேண்டும். நாள்பட வைத்தால் நாறும்.

டைமர் வாங்கும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். பிளக்கில் செருகும் சாதாரண டிஜிட்டல் டைமர்கள் பலவற்றில் ஒரு நிமிடத்துக்குக் கீழே வைக்க முடியாது. நொடியின் பத்தில் ஒரு பங்கை வைக்கக்கூடிய டைமர் ரிலே தேவை. என் பம்பில் இருப்பது சாதாரண டிசி மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் வேகமும் குறையும். அடாப்டரில் அளந்துவிட்டுப் பிறகு சோலார் பேட்டரிக்கு மாற்றினால், அளந்தது வீண். ஸ்டெப்பர் மோட்டார் வைத்த பம்புக்கு இந்தக் கவலை இல்லை. அது சுற்றை எண்ணி ஓடும்.

இத்தனை பாடுபட்டு எடுத்த 1.47-க்கும் ஆயுள் குறைவு. உருளை மிதிக்க மிதிக்க டியூப் தட்டையாகி, பழையபடி உப்ப மறுக்கும். அளவு மெல்ல மெல்லக் குறையும். மாதம் ஒருமுறை 60 நொடி ஓட்டி நிறுத்துப் பார்க்கிறேன். 87.7 என்பது 83-க்குக் கீழே இறங்கினால் டியூபை மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளப்பதாக எனக்கு நானே வைத்துக்கொண்ட கோடு.

குறைவதைவிடப் பயம் தருவது எதிர்த்திசை. டியூப் தேய்ந்து உருளை அதை முழுக்க நசுக்காமல் போனால், பம்ப் நின்றிருக்கும்போதும் திரவம் நகரும். பாட்டில் வாளியைவிட உயரத்தில் இருந்தால் சைஃபன் பிடித்து பாட்டில் முழுவதும் வாளிக்குள் இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க, பம்பை நிறுத்தி, பாட்டிலிலிருந்து டியூபை ஒரு கணம் தூக்கி ஒரு காற்றுக்குமிழியை உள்ளே விட்டு, முனையைத் திரும்பத் திரவத்தில் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் குமிழியைப் பாருங்கள். அசையாமல் நின்றால் பிடிப்பு சரி. ஊர்ந்தால் டியூபுக்கு வேளை வந்துவிட்டது. நான் பாட்டிலைத் தரைக்கு இறக்கிவிட்டேன், அதில் நான்கு நாளைக்கான 160 மில்லிக்கு மேல் ஊற்றுவதும் இல்லை. டியூபின் முனையை வாளித் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டியிருக்கிறேன்; காலையில் பல் தேய்த்துக்கொண்டே மாடிக்குப் போனால், சொட்டு விழுவதும் நிற்பதும் கண்ணில் படும்.