எந்தக் கண்ணில் சுமை நின்றால் எங்கே ஆபத்து?

நான்கு தாங்கிகள் மேல் இடைவெட்டு இல்லாமல் ஓடும் ஒரே பீம். தாங்கிகளுக்கு இடம் விட்டு இடம் அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்துக்கொள்வோம். கண் ஒவ்வொன்றும் 10 மீட்டர். நடுக்கண்ணின் மையத்தில் பீமைக் கீழ்நோக்கி வளைக்கும் மொமென்ட் எப்போது மிக அதிகமாகும்? மூன்று கண்களிலும் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது என்றுதான் பலரும் சொல்வார்கள். அது தவறு என்பதைக் கணக்கே போடாமல், ஒரு பென்சில் கோட்டால் காட்டிவிடலாம். வழி சொன்னவர் ஜெர்மன் பொறியாளர் ஹைன்ரிஷ் முல்லர்-பிரெஸ்லாவ். ஆண்டு 1886.

அவர் வழி இது. எந்த விசையை அறிய வேண்டுமோ, அந்த விசையைத் தாங்கும் பிடிப்பை மட்டும் அந்த இடத்தில் விடுவியுங்கள். பிறகு அந்த விசையின் திசையில் ஓர் அலகு நகர்த்துங்கள். பீம் அப்போது எந்த வடிவில் வளைகிறதோ, அதுதான் அந்த விசைக்கான இன்ஃப்ளூயன்ஸ் கோடு. சுமை ஓரிடத்தில் நின்றால், அங்கே கோட்டின் உயரமே அந்தச் சுமையின் பங்கைச் சொல்லும்.

நம் கேள்விக்கு, நடுக்கண்ணின் மையத்தில் ஒரு கீல் வைக்கிறோம். கீல் இருந்தால் அங்கே மொமென்ட் நிற்காது. மற்றபடி பீம் அப்படியே தொடர்கிறது. கீலின் இருபுறமும் பீமை ஓர் அலகு கோணம் திருப்ப, கீல் மேலே எழுகிறது. ஆனால் ஆ, இ தாங்கிகளில் பீம் அசையக் கூடாது, உடையவும் கூடாது. ஆ-விலிருந்து நடுக்கண்ணுக்குள் மேலேறும் சரிவு, மறுபக்கம் பக்கத்துக் கண்ணுக்குள் தொடரும்போது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே தாழ்ந்து வளைந்து, அ-வில் மறுபடி பூஜ்யத்துக்கு வருகிறது. வலப்பக்கமும் அப்படியே. ஆக, நடுக்கண்ணில் கோடு மேலே, இரு ஓரக் கண்களிலும் கீழே. ஓரக் கண்ணில் நிற்கும் சுமை நடுவின் மொமென்ட்டைக் குறைக்கிறது!

பீம் வளைய மறுக்குமே, அதை வளைக்கச் செலவாகும் உழைப்பு எங்கே போயிற்று என்று கேட்பது நியாயமான கேள்வி. இத்தாலியின் என்ரிகோ பெட்டி 1872-இல் தந்த தேற்றம் இதற்கு விடை. ஒரே பீமில் இரண்டு சுமைத் தொகுதிகளை நினைத்துக்கொண்டால், முதல் தொகுதி இரண்டாவதன் நகர்வில் செய்யும் உழைப்பும், இரண்டாவது முதலாவதன் நகர்வில் செய்யும் உழைப்பும் சமம். கீலைத் திருப்பும் மொமென்ட் நம் இரண்டாவது தொகுதி. உண்மையான பீமில் அந்த இடத்தில் முறிவே இல்லாததால், அது அங்கே செய்யும் உழைப்பு பூஜ்யம். எனவே மறுபக்கமும் பூஜ்யம்: உண்மைச் சுமையும் உண்மை மொமென்ட்டும் கற்பனை நகர்வில் செய்யும் உழைப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. சுமையின் அளவைக் கோட்டின் உயரத்தால் பெருக்கினால் மொமென்ட் வந்துவிடுகிறது.

படம் சொல்வதை எண்ணில் பார்க்கலாம். மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் பரவு சுமை என்று வைப்போம். மூன்று கண்களிலும் ஏற்றினால் நடு மையத்தில் மொமென்ட் 50 கிலோநியூட்டன்-மீட்டர். நடுக்கண்ணில் மட்டும் ஏற்றினால் 150. சுமை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, மொமென்ட் மூன்று மடங்கானது. ஓரக் கண்களில் மட்டும் ஏற்றினாலோ அதே இடத்தில் எதிர்த்திசையில் 100. பீம் அங்கே மேல்நோக்கி வளையும். சொந்த எடையின் மொமென்ட் அதை ஈடுகட்டாவிட்டால், கான்கிரீட் பீமில் நடுக்கண்ணின் மேற்புறத்திலும் கம்பி தேவைப்படும். எல்லாக் கண்களையும் நிரப்பிக் கணக்கிட்டவருக்கு இது கண்ணில் படவே படாது.

கீலை ஆ தாங்கியின் மேல் மாற்றினால் கதை வேறு. கோணம் திருப்பியதும் இருபுறக் கண்களும் கீழே தாழ்கின்றன. மூன்றாவது கண் மெல்ல எழுகிறது. ஆகவே தாங்கி மேல் மொமென்ட்டுக்கு அடுத்தடுத்த இரு கண்களையும் ஏற்றி, மூன்றாவதைக் காலியாக விட வேண்டும்: முழுச் சுமையில் 200, இப்படி ஏற்றினால் ஏறத்தாழ 233. நம் ஐ.எஸ். 456 கான்கிரீட் விதிநூல் நகரும் சுமையை ஒன்றுவிட்ட கண்களிலும், பிறகு அடுத்தடுத்த இரு கண்களிலும் வைத்துப் பார்க்கச் சொல்வதன் காரணம் இந்த இரண்டு படங்களில் இருக்கிறது.

இந்தக் கோடு வடிவத்தையும் குறியையும் உறுதியாகத் தரும். உயரங்களின் அளவுக்குக் கணக்குதான் வேண்டும். வரைந்ததைச் சோதிக்க முதலில் தாங்கிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கோடு பூஜ்யத்தைத் தொட வேண்டும். கீல் வைத்த இடம் தவிர வேறெங்கும் கோணலாக முறியக் கூடாது. மாணவர்கள் அதிகம் தவறுவது கண்களுக்குள் நேர்கோடு போடுவதில்தான். இரண்டு தாங்கி மட்டுமுள்ள எளிய பீமுக்கு அது சரி. தொடர் பீமில் கீலை வைத்த பிறகும் பிடிப்புகள் மிச்சமிருப்பதால், பீம் வளைந்துதான் நகரும். நேர்கோடு போட்டால் ஆ-விலும் இ-யிலும் முறிவு தெரியும்.