நெட்டே இல்லாத போன்ல காசு எப்படிப் போகுது?

இன்னைக்கு எபிசோட் காலர் ட்யூன், ஜோசிய மெசேஜ், கிரிக்கெட் அலர்ட்னு பேர் வெச்சு பேலன்ஸ்ல இருந்து காசு எடுக்கிற சேவைகளைப் பத்தி. இதை விளக்க நான் எடுத்துக்கிறது ஏற்காடு நாகலூர்ல இருக்கிற எங்க சித்தப்பாவோட போனை. காரணம், அது பட்டன் போன். நெட் கிடையாது, ஆப் கிடையாது, எந்த விளம்பர லிங்க்கையும் அவர் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் காசு போச்சு.

அவர் பேசுற அளவுக்கு மட்டும் டாப்-அப் போடுறவர். 10 ரூபாய் போட்டா வரி, கட்டணம் போக 7 ரூபாய் 47 பைசாதான் ஏறும். ஒரு கால் கூட பேசாமலே அது சில நாள்ல கரைஞ்சுடும். காபிப் பழம் பறிக்கிற சீசன்ல, மறுநாள் எந்தத் தோட்டத்துல வேலைன்னு மேஸ்திரிகிட்ட கேட்க முடியாம ஒரு நாள் கூலியே போயிருக்கு. நம்மள மாதிரி அன்லிமிடெட் பேக் ஆளுங்களுக்கு இது கண்ணுலயே படாது. நாம மெயின் பேலன்ஸைப் பார்க்கிறதே இல்லையே.

சரி, எந்த வழியா உள்ள வந்துச்சு? சிம் கார்டுக்குள்ள ஒரு குட்டி புரோகிராம் இருக்கு. கம்பெனி டவர்ல இருந்து அனுப்புற விளம்பர வரி, அந்த புரோகிராம் வழியா ஸ்க்ரீன்ல தானா எட்டிப் பார்க்கும். கீழே OK, Cancel இருக்கும். OK அமுக்கினா சிம்மே உங்க சார்பா சந்தா கேட்டு மெசேஜ் அனுப்பிடும். போனைக் கையில எடுத்ததும் நடு பட்டனை அமுக்குற பழக்கம் இருக்கிறவங்களுக்கு இது பெரிய கண்ணி.

இதைத் தடுக்கத்தான் 2013 ஜூலையில டிராய் ஒரு உத்தரவு போட்டுச்சு. ஒரு சேவையைத் தொடங்கணும்னா வாடிக்கையாளர் ரெண்டாவது தடவையும் சம்மதம் சொல்லணும், அது வராம காசு எடுக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனா ரெண்டாவது கேள்வியும் அதே மாதிரி இங்கிலீஷ் பெட்டியா வந்தா? ஸ்க்ரீன்ல இருந்து அது போகணும்னு சித்தப்பா மறுபடியும் OK அமுக்குவார். ரெண்டு சம்மதமும் பதிவாயிடுச்சு, விதியும் காப்பாத்தப்பட்டுடுச்சு!

ஸ்மார்ட்போன்ல வழி வேற. மொபைல் டேட்டாவுல சில பக்கங்களைத் திறக்கும்போது, உங்க கம்பெனியே உங்க நம்பரை அந்தக் கோரிக்கையோட சேர்த்து அனுப்பிடும். அதனால நம்பரே டைப் பண்ணாம ரெண்டு தட்டுல சந்தா முடிஞ்சிடும். வைஃபைல இது நடக்காது, அங்க நம்பர் கேட்டே ஆகணும்.

இப்போ நிறுத்துறது. எல்லா கம்பெனிக்கும் பொதுவா 155223னு ஒரு இலவச நம்பர் இருக்கு. அதுக்கு இந்த ஒரு வார்த்தையை அனுப்பணும்:

```
STOP
```

பதில்ல எந்தெந்த சேவை ஓடுதுன்னு வரும். சித்தப்பாவுக்கு ரெண்டு வந்துச்சு: ஒரு காலர் ட்யூன், ஒரு ராசிபலன். நிறுத்த வேண்டியதை ஒவ்வொண்ணா தேர்ந்தெடுத்து, நிறுத்தியாச்சுன்னு மெசேஜ் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். மலையில சிக்னல் போய்ப் போய் வரும், அதனால மெசேஜ் உண்மையிலேயே போச்சான்னு பாருங்க. அன்னைக்கு ராத்திரி பேலன்ஸைக் குறிச்சு வெச்சு, மறுநாள் காலையில பேசுறதுக்கு முன்னாடி திரும்பப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா அந்த ராத்திரி எதுவும் பிடிக்கலைன்னு அர்த்தம்.

இதோட விட்டா அடுத்த மாசம் திரும்ப வரும். பெட்டி எட்டிப் பார்க்கிறதை நிறுத்தலையே! மெனுவுல SIM Toolkit, இல்லேன்னா கம்பெனி பேர்ல இருக்கிற சிம் மெனுவுக்குள்ள போங்க. Flash, Buzz மாதிரி ஒரு பேர் இருக்கும். அதுக்குள்ள Activation போய் Deactivate கொடுங்க. இன்னொண்ணு: "காலர் ட்யூனை நிறுத்த 9 அமுக்குங்க"ன்னு தானா வர்ற கால்ல எதையும் அமுக்காதீங்க. யாருக்காவது போன் பண்ணும்போது அவங்க ட்யூன் நல்லா இருக்கேன்னு ஸ்டார் அமுக்கினா, சில கம்பெனிகள்ல அதுவே உங்களுக்கு சந்தா.

போன காசைக் கேட்கணும்னா, கஸ்டமர் கேர்ல "காசு போச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "ரெண்டாவது சம்மதம் எந்த தேதி, எத்தனை மணிக்கு, எந்த வழியா வந்துச்சுன்னு காட்டுங்க"ன்னு கேளுங்க. அந்தப் பதிவைக் காட்ட வேண்டியது அவங்க. புகார் எண்ணை வாங்கிக்குங்க. தீரலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம். ப்ரீபெய்டா இருந்தாலும் கடைசி ஆறு மாசத்துக்கான விவர பில் கேட்கலாம், 50 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாது. எவ்வளவு போச்சுன்னு அதுலதான் தேதியோட தெரியும்.

அதுக்கும் மேல நுகர்வோர் ஆணையம் இருக்கு. தொலைபேசி வழக்கு அங்க செல்லாதுன்னு ரொம்ப நாள் திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க. 2022 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் வோடஃபோன் ஐடியா வழக்குல செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. நாகலூர்காரங்களுக்கு அது சேலத்துல. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போற பஸ் செலவே போன காசை விட ஜாஸ்தி ஆகும், அதனால சித்தப்பா புகார் எண்ணோட நின்னுட்டார்.