மென்பொருள் வானொலிக்கு எத்தனை பிட் வேண்டும்?

மென்பொருள் வானொலியில், ஆன்டெனா பிடித்த மின்னழுத்தம் ஓரிடத்தில் எண்களாக மாறியாக வேண்டும். அதைச் செய்யும் சில்லு அனலாக்-டிஜிட்டல் மாற்றி, சுருக்கமாக ஏடிசி. அதற்குப் பின் நிலையத்தைத் தேர்வது, இரைச்சலைக் குறைப்பது, பேச்சைப் பிரித்தெடுப்பது எல்லாமே கணக்குதான். ஏடிசி கெடுத்த அலையை அதற்குப் பின்னால் வரும் எந்தக் கணக்காலும் சரிசெய்ய இயலாது.

எட்டு பிட் ஏடிசி மின்னழுத்தத்தை 256 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. உச்சிப் படியைத் தாண்டும் அலையின் தலை வெட்டுப்படும். இரண்டு படிகளுக்கு நடுவில் விழும் மதிப்பு அருகிலுள்ள படிக்குத் தள்ளப்படும். அந்தச் சிறு பிழைகள் சேர்ந்து ஓர் இரைச்சலாகின்றன. மேலே அந்தக் கூரை, கீழே இந்த இரைச்சல்: இரண்டுக்கும் இடைப்பட்ட உயரமே ஏடிசியின் இயங்கு வீச்சு. N பிட்டுகளுக்கு அது 6.02N + 1.76 டெசிபெல். எட்டு பிட்டுக்கு 50, பன்னிரண்டுக்கு 74, பதினான்குக்கு 86 என்று வரும். 50 டெசிபெல் என்றால் திறனில் ஒரு லட்சம் மடங்கு. 86 என்றால் ஏறத்தாழ 40 கோடி மடங்கு.

பிட் கூடினால் மெல்லிய நிலையங்களும் கேட்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. ஏடிசிக்கு முன்னால் பெருக்கி இருக்கிறது. அதன் பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஆன்டெனாவிலிருந்தும் பெருக்கியிலிருந்தும் வரும் இரைச்சலே ஏடிசியின் படிகளை அசைக்கத் தொடங்கிவிடும். அந்த நிலையில் ஒரு படியைவிடச் சிறிய சமிக்ஞைகூடத் தொலைவதில்லை. இரைச்சலோடு சேர்ந்து படிகளைத் தாண்டுவதால் பல மாதிரிகளின் சராசரியில் அது தெரிந்துவிடும். மெல்லிய சமிக்ஞை மட்டும் தனியாக இருந்தால் எட்டு பிட்டே போதும். பலமான இன்னொன்று அதே நேரத்தில் அருகில் இருக்கும்போதுதான் பிட் எண்ணிக்கை கேள்வியாகிறது.

ஹாம் ரேடியோக்காரர்களிடம் பரவலாக உள்ள ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை வைத்தே கணக்குப் போடலாம். அது எட்டு பிட் கருவி; நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுக்கும் அமைப்பில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் கணினிக்குத் தரும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் பேச்சு 145.800 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. நிலையம் அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது ஆன்டெனாவில் அதன் பலம் −105 டிபிஎம் என்று கொள்வோம். அதாவது ஒரு மில்லிவாட்டைவிட 105 டெசிபெல் குறைவு. பக்கத்து ஊர் ரிப்பீட்டர் 145.650-இல், −30 டிபிஎம் பலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ரிப்பீட்டர் பேசும்போது வெட்டுப்படாமலிருக்க, சற்று இடம் விட்டு, கூரை −24 டிபிஎம்முக்கு வரும்படி பெருக்கத்தைக் குறைத்தாக வேண்டும். எட்டு பிட்டின் 50 டெசிபெல்லைக் கழித்தால் படி இரைச்சல் −74. ஆனால் இந்த இரைச்சல் 2.4 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் பரவிக் கிடக்கிறது. மென்பொருள் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் வெட்டி எடுக்கும்போது, 192-இல் ஒரு பங்கு இரைச்சல்தான் கூட வருகிறது. 23 டெசிபெல் லாபம். மிஞ்சுவது −97. விண்வெளி நிலையத்தின் குரல் அதற்கும் 8 டெசிபெல் கீழே அமிழ்ந்துவிடுகிறது.

ரிப்பீட்டர் ஓய்ந்ததும் பெருக்கத்தை 40 டெசிபெல் கூட்டலாம். படி இரைச்சல் −137-க்கு இறங்கும். பெருக்கியின் இரைச்சல் எண் 5 டெசிபெல் என்றால் இயற்கை வெப்ப இரைச்சலோடு சேர்ந்து −128 வருகிறது. இப்போது எல்லை வகுப்பது அதுதான், ஏடிசி அல்ல. அதே எட்டு பிட் கருவியில் குரல் 23 டெசிபெல் மேலே தெளிவாக நிற்கும்.

ரிப்பீட்டர் ஓயாமலேயே கேட்க வேண்டுமென்றால் பன்னிரண்டு பிட் வேண்டும். அப்போது படி இரைச்சல் −121. குரல் சுமார் 15 டெசிபெல் மேலே இருக்கும், பேச்சு புரியும். பதினான்கு பிட்டுக்குப் போனால் −133, வெப்ப இரைச்சலுக்கும் கீழே. அதற்கு மேல் பிட் சேர்ப்பது இந்த இடத்தில் வீண்செலவு.

எட்டு பிட் என்பது தவறான தேர்வு அன்று. டாங்கிளின் ஆர்டிஎல்2832யூ சில்லு தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. ஒரே சேனலை வடிகட்டிகள் பிரித்துக் கொடுக்க, தானியங்கிப் பெருக்கம் அளவைச் சரியாக வைத்திருக்க, எட்டு பிட் தாராளம். மாதிரிகளை அப்படியே கணினிக்கு அனுப்பும் வழி அதில் இருப்பது 2012-இல் தெரிய வந்தபின்தான், பலமும் மெலிவும் கலந்த அலைப்பரப்பின் முன் அது நிறுத்தப்பட்டது.

பெருக்கத்தை வைக்கும் முறை எளிது. முதலில் ஆன்டெனாவைக் கழற்றி, திரையில் இரைச்சல் கோட்டின் உயரத்தைப் பார்க்க வேண்டும். மாட்டியதும் கோடு தெளிவாக, ஏறத்தாழ 10 டெசிபெல் ஏறும் வரை பெருக்கத்தைக் கூட்டலாம். அதற்கு மேல் கூட்டினால் கூரைதான் தாழும். கேட்கும் திறன் கூடாது. உச்ச அளவில் வைத்துவிட்டு, எங்கும் ஒன்றும் கேட்கவில்லை என்று புலம்புவதுதான் புதியவர்களிடம் அதிகம் காணும் கோளாறு. ஏடிசி வெட்டுப்படும்போது இரைச்சல் கோடு முழுவதுமாகத் துள்ளி எழும். இல்லாத இடங்களில் நிலையங்கள் முளைக்கும். பெருக்கத்தை 3 டெசிபெல் குறைத்துப் பார்த்தால் உண்மையான சமிக்ஞை 3 மட்டுமே இறங்கும். இரண்டு பலமான அலைகள் கலந்து பிறந்த போலி, பெரும்பாலும் 9 டெசிபெல் வரை சரியும்.

பலமான அலை தொலைவான அதிர்வெண்ணில் இருந்தால் பிட்டைவிட வடிகட்டி மலிவு. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எஃப்எம் நிலையங்களை அடக்கும் சிறு வடிகட்டி, 137 மெகாஹெர்ட்ஸில் வானிலைச் செயற்கைக்கோள் பிடிப்பவருக்குப் புதிய கருவியைவிட அதிகம் உதவக்கூடும். மேலே கண்ட ரிப்பீட்டருக்கு அது பலிக்காது. 150 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியைச் சாதாரண வடிகட்டி பிரித்தறியாது.

சிற்றலைக் கருவிகளில் நிலைமை வேறு. கிவிஎஸ்டிஆர், டியூனரே இல்லாமல் 0 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அனைத்தையும் ஒரே ஏடிசிக்குள் விடுகிறது. மத்திய அலை நிலையம் ஒன்று வீட்டருகே இருந்தால் அதுவும் உள்ளே வரும். அதனால்தான் பதினான்கு பிட். காகிதத்தில் 86 டெசிபெல் என்றாலும் அதிலுள்ள எல்டிசி2248 சில்லு நடைமுறையில் தருவது சுமார் 74; பன்னிரண்டு பிட்டுக்குச் சமம். கருவி வாங்குபவர் பெட்டியில் அச்சிட்ட பிட்டைவிட இந்த எண்ணைத் தேடுவது நல்லது. நொடிக்கு 6.6 கோடி மாதிரிகள் எடுப்பதால், 3 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்குச் சுருக்கும்போது இன்னும் 40 டெசிபெல் கிடைக்கிறது. சிற்றலையில் வளிமண்டல, நகர இரைச்சலே வெப்ப இரைச்சலைவிடப் பல மடங்கு உயரமானது; அங்கே அதிகப் பெருக்கம் தேவைப்படுவதில்லை.

இத்தனை பிட்டுகளையும் கணினிக்குக் கடத்தும் கம்பியும் ஓர் எல்லை. எட்டு பிட் ஹேக்ஆர்எஃப் நொடிக்கு 2 கோடி மாதிரிகள் எடுக்கும்போது 40 மெகாபைட் உண்டாகிறது, யூஎஸ்பி 2.0 தாங்கக்கூடிய அளவு ஏறத்தாழ அவ்வளவுதான். அகலம் வேண்டுமென்று பிட்டை விட்டுக்கொடுத்த கருவி அது. கிவிஎஸ்டிஆரின் ஏடிசி நொடிக்கு 90 கோடி பிட்டுகளுக்கு மேல் உமிழ்கிறது. அதனால் கருவிக்குள்ளேயே எஃப்பிஜிஏ சில்லு ஒன்று தேவையான துண்டை மட்டும் வெட்டியெடுத்து அனுப்புகிறது.